தையல் இயந்திரக் கடன்: மூன்று மாதத் தவணையை ஒத்திவைக்கக் கோரும் திருத்திய விண்ணப்பம்

04.03.2026

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள் (கடன் பிரிவு அலுவலரின் பார்வைக்கும்)

பொருள்: 4172 என்று முடியும் இயந்திரக் கடன் கணக்கு. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வட்டி மட்டும் கட்டி, ஜூன் 10 முதல் முழுத் தவணையைத் தொடர அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

பிப்ரவரி 26 அன்று நான் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலாக இதை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். அதில் "குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கட்ட முடியவில்லை, ஆறு மாதம் அவகாசம் தாருங்கள்" என்று இரண்டே வரி எழுதியிருந்தேன். என்ன சூழ்நிலை, மாதம் எவ்வளவு கட்ட முடியும், ஆறு மாதம் எதற்கு என்று தங்கள் அலுவலர் கேட்டபோது சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆறு மாதம் தேவையில்லை, மூன்று போதும். அந்த மூன்று மாதமும் முழுக்கச் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். பிப்ரவரி 9 அன்று கடைப் படியில் வழுக்கி விழுந்ததில் என் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மார்ச் 23 அன்று பிரிக்கிறார்கள். அதன்பின் பிசியோதெரபி. மே நடுவில் முழு வேலைக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையில் இரண்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள். தைப்பது, ஓவர்லாக் போடுவது, பட்டன் வைப்பது எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அளவெடுத்து துணி வெட்டுவது மட்டும் நான். வெட்டாத துணியை யாரும் தைக்க முடியாது, அதனால் கை முறிந்தது எனக்கு என்றாலும் நின்றது நான்கு மெஷினும்தான். இடது கையால் கத்தரி பிடித்துப் பார்த்தேன்; ஒரு வாடிக்கையாளரின் ரவிக்கைத் துணியில் கழுத்து வளைவு கோணிப்போய், புதுத் துணி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

விபத்துக்கு முந்தைய ஆறு மாதங்களில் கடைக்குச் சராசரியாக மாதம் 71,000 ரூபாய் வந்தது. சம்பளம் 22,000, வாடகை 6,500, நூல், மின்சாரம், சில்லறைச் செலவு 7,000 போக 35,500 நிற்கும். அதில் தங்கள் தவணை 13,347 போனால் மீதி 22,153 வீட்டுக்கு. இப்போது வரவு 31,000 ரூபாய். பழுது பார்ப்பதும், வாடிக்கையாளர்களே வெட்டிக் கொண்டுவரும் துணியும்தான் ஓடுகின்றன. ஓர் உதவியாளர் அரை நாள் மட்டும் வர ஒப்புக்கொண்டதால் சம்பளம் 16,000 ஆனது. அவரை முழுவதுமாக நிறுத்தியிருந்தால் இந்த மாதக் கணக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கை சரியான பிறகு பழகிய ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கும், தங்கள் தவணைக்கும் அது நல்லதல்ல. வாடகை 6,500, இதர செலவு 3,000 போக, கையில் நிற்பது 5,500 ரூபாய். வீட்டுச் செலவையும் மருத்துவச் செலவையும் என் கணவரின் சம்பளம் தாங்குகிறது. அதில் மிச்சம் எதுவும் இல்லை.

இந்த 5,500-ஐ வைத்துத்தான் என் கோரிக்கை. 22 தவணைகள் கட்டிய நிலையில் நிலுவை அசல், என் கணக்குப்படி, சுமார் 4,20,200 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 4,202. மார்ச், ஏப்ரல், மே 10-ஆம் தேதிகளில் இந்த வட்டியை முழுவதுமாகக் கட்டிவிடுகிறேன். அசல் ஒரு ரூபாய்கூட ஏறாது. ஜூன் 10 முதல் பழைய 13,347 ரூபாய்த் தவணையே தொடரும். கடைசித் தவணை 2029 ஏப்ரலுக்குப் பதிலாக ஜூலையில் முடியும். இதனால் எனக்கு மொத்தத்தில் ஏறக்குறைய 12,600 ரூபாய் கூடுதல் வட்டி விழும் என்பது தெரிந்தே கேட்கிறேன்.

காலத்தை நீட்டிக்கத் தங்கள் விதிகளில் இடமில்லை என்றால், 2029 ஏப்ரலிலேயே முடிக்கவும் தயார். மீதி 35 தவணைகளுக்கு மாதம் சுமார் 14,290 ரூபாய் வருகிறது, அதாவது இப்போதையதைவிட 940 ரூபாய் சொச்சம் கூடுதல். வழக்கமான வருமானத்தில் அது என்னால் முடியும்.

ஜூனில் கட்ட முடியும் என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்று தாங்கள் கேட்கலாம். என்னிடம் மொத்தமாகத் தைக்கக் கொடுக்கும் இரண்டு வாடிக்கையாளர்கள், மே 20-க்குப் பிறகு மீண்டும் வேலை தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம், கை கட்டில் இருக்கும் இந்த நாட்களில் அதிகம் ஓடும் அளவுகளுக்கு அட்டை மாதிரி செய்ய வைத்து, மூத்த உதவியாளருக்கு வெட்டப் பழக்கி வருகிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கை, முதுகுப் பாகங்களை அவர் சரியாக வெட்டுகிறார். கழுத்துக்கு இன்னும் சில வாரம் ஆகும். இதை இரண்டு வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 20 அன்று மருத்துவரிடம் மறுபரிசோதனை. அதன் அறிக்கையை அந்த வாரமே தங்களிடம் கொடுப்பேன். கை எதிர்பார்த்தபடி தேறவில்லை என்றால் ஜூன் வரை காத்திருக்காமல் அப்போதே சொல்லிவிடுவேன். அப்படி ஒரு நிலை வந்தால், கடனில் சேராத என் பழைய ஓவர்லாக் மெஷினை விற்றுத் தவணைக்குக் கொடுப்பேன். 18,000 ரூபாய்க்கு ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார். தங்களிடம் அடமானமாக உள்ள மெஷின்கள் நான்கும் கடையில் அப்படியே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இதுவரை கட்டிய 22 தவணைகளில் ஒன்று மட்டும், 2025 ஜூன் மாதத்தது, ஆறு நாள் தாமதமானது. அதற்கான அபராதத்தையும் கட்டிவிட்டேன். விழுந்ததற்கு மறுநாள் வந்த பிப்ரவரித் தவணை சேமிப்பிலிருந்து உரிய நாளில் போய்விட்டது. அந்தச் சேமிப்பு இப்போது தீர்ந்துவிட்டது.

ஒரே ஒரு அவசரம். மார்ச் 10 அன்று 13,347 ரூபாய் தானாகவே கழிக்கப்படும். கணக்கில் அவ்வளவு இருக்காது. திரும்பினால் அபராதம் விழும், பதிவிலும் ஏறும். ஆகவே 9-ஆம் தேதிக்குள் முடிவைத் தெரிவித்து, அன்று 4,202 மட்டும் எடுக்கும்படி செய்தால் பேருதவி. முடிவுக்கு அதைவிட நாளாகும் என்றால் அதையும் சொல்லுங்கள். வட்டித் தொகையை 9-ஆம் தேதியே கவுண்ட்டரில் கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறேன். அனுமதி கிடைத்தால், திருத்திய தவணை அட்டவணையையும், இந்த மூன்று மாதங்கள் கடன் தகவல் நிறுவனத்துக்கு எப்படி அறிவிக்கப்படும் என்பதையும் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவச் சான்று, எக்ஸ்ரே அறிக்கை, ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரையிலான வரவு செலவு நோட்டின் நகல், அதே மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கை, வாடிக்கையாளர்கள் இருவரின் கடிதங்கள், என் கணவரின் சம்பளச் சீட்டு ஆகியவற்றை இணைத்துள்ளேன். நோட்டில் பிப்ரவரி 9-க்குப் பிறகான கையெழுத்து என் மகளுடையது. நான் சொல்ல அவள் எழுதினாள். இந்த விண்ணப்பமும் அப்படித்தான். கீழே உள்ள இடது பெருவிரல் ரேகை என்னுடையது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடன்தாரர், கணக்கு முடிவு எண் 4172