நுண்கணிதத் தேர்வு: உன் விடைத்தாளில் திருத்தியவை

தம்பி,

நான்கு கணக்குக்கும் சேர்த்து 20-க்கு 9 போட்டிருக்கிறேன். முறை தெரியாமல் நீ எந்தக் கணக்கிலும் நின்றுவிடவில்லை. மதிப்பெண் போனதெல்லாம் மனசுக்குள் போட்டுவிட்டுத் தாளில் எழுதாமல் விட்ட படிகளில்தான். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி. சிவப்பு வட்டம் போட்டிருந்தால் குறிப் பிழை. ஓரத்தில் அம்புக்குறி இருந்தால் அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. அடிக்கோடு இட்ட வரிக்கு நீ காரணம் காட்டவில்லை.

கணக்கு 1. 0 முதல் 1 வரை x²e⁻²ˣ-இன் தொகை (3/5)

பெர்னோலியின் சூத்திரத்தை எடுத்தது சரியான தேர்வு. இரண்டாம் வரியில் u = x², u′ = 2x, u″ = 2 என்று எழுதியிருக்கிறாய். v, v₁, v₂ மூன்றையும் எழுதவே இல்லை. முதல் அம்புக்குறி அங்கேதான். அவற்றை மனசில் போட்டதால் நான்காம் வரியில் v₂-வின் குறி மாறிவிட்டது. ஒவ்வொரு முறை தொகையிடும்போதும் −2 ஆல் வகுக்கிறோம், அதனால் குறி ஒவ்வொரு தடவையும் மாறும்:

```
v  = −e⁻²ˣ/2
v₁ = +e⁻²ˣ/4
v₂ = −e⁻²ˣ/8
```

சூத்திரத்திலும் +, −, + என்று குறி மாறி மாறி வருகிறது. இரண்டையும் பெருக்கினால் மூன்று உறுப்பும் கழித்தல் குறியோடு வரும்:

```
F(x) = −e⁻²ˣ (x²/2 + x/2 + 1/4)
```

உன் தாளில் கடைசி உறுப்பு −1/4 ஆக இருக்கிறது. சூத்திரத்தின் குறியையும் v₂-வின் குறியையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டாய். இரண்டையும் தனித்தனி வரிசையில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

அடுத்ததைக் கூர்ந்து பார். ஆறாம் வரியில் −(3/4)e⁻² − 1/4 என்று எழுதியிருக்கிறாய். முந்தைய தவறை வைத்துப் பார்த்தால் அந்த வரி சரி. ஆனால் 1/4-க்கு முன்னாலுள்ள கழித்தல் குறியைச் சின்னதாகப் போட்டு, பின்னக் கோட்டோடு ஒட்ட வைத்துவிட்டாய். ஏழாம் வரியில் நீயே அதை 1/4 − (3/4)e⁻² என்று படித்து எழுதியிருக்கிறாய். விடை 0.1485. இரண்டு பிழை சேர்ந்து எதிர்க்குறியை மறைத்துவிட்டதால் உனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆறாம் வரியோடு நிறுத்தியிருந்தால் விடை −0.35 என்று வந்திருக்கும். x²e⁻²ˣ எங்கேயும் எதிர்க்குறி எடுக்காது என்பதால் தவறு உடனே தெரிந்திருக்கும்.

0.1485-ஐயும் ஒரு நிமிடத்தில் பிடித்திருக்கலாம். x²e⁻²ˣ-இன் வகைக்கெழு 2x(1 − x)e⁻²ˣ. ஆகவே 0 முதல் 1 வரை சார்பு ஏறிக்கொண்டே போய், x = 1-இல் e⁻² = 0.1353-ஐத் தொடுகிறது. இடைவெளியின் நீளம் 1. உயரம் எங்கேயும் 0.1353-ஐத் தாண்டாதபோது பரப்பு எப்படி 0.1485 ஆகும்? சரியான விடை (1 − 5e⁻²)/4, அதாவது 0.0808.

இனி கழித்தல் குறியைப் பின்னக் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடு. கீழ் எல்லையைக் கழிக்கும்போது அடைப்புக்குறி இல்லாமல் எழுதாதே.

கணக்கு 2. 0 முதல் π வரை √(1 + cos 2x)-இன் தொகை (2/5)

1 + cos 2x = 2cos²x என்று எழுதியது சரி. அடுத்த வரியில் √(2cos²x) = √2 cos x என்று அடிக்கோடு இட்டிருக்கிறேன். √(a²) என்பது a அல்ல, |a|. π/2-க்கு அப்பால் cos x எதிர்க்குறி எடுக்கும், வர்க்கமூலம் எடுக்காது. உன் விடை 0. எங்கேயும் எதிர்க்குறி இல்லாத, பெரும்பாலும் நேர்க்குறியான தொடர்ச்சிச் சார்பின் தொகை 0 ஆகவே முடியாது. π/2-இல் பிரித்து, இரண்டாம் பாதிக்கு −cos x எடு. இரண்டு பாதிக்கும் √2 வீதம் வரும், மொத்தம் 2√2.

கணக்கு 3. x → 0 எனும்போது (x cos x − sin x)/x³-இன் எல்லை (1/5)

நான் அதிகம் கவலைப்பட்டது இந்தக் கணக்கைப் பற்றித்தான். பிழை பார்க்க நியாயமாகத் தெரிகிறது, அதனால் மறுபடியும் செய்வாய். தொகுதியையும் பகுதியையும் x ஆல் வகுத்து (cos x − sin x/x)/x² என்று கொண்டுவந்தாய். அதுவரை சரி. பிறகு "sin x/x → 1" என்று எழுதி அந்த இடத்தில் 1-ஐ வைத்தாய், மற்ற x-ஐயெல்லாம் அப்படியே விட்டுவிட்டாய். (cos x − 1)/x² என்று ஆகி விடை −1/2 வந்தது.

எல்லை எடுத்தால் கோவை முழுவதற்கும் ஒரே சமயத்தில் எடுக்க வேண்டும். ஒரு துண்டுக்கு மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே வைக்க எந்த விதியும் இடம் தருவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக முடிவுறு எல்லை இருந்தால்தான் பிரிக்கலாம். இங்கே x² பகுதியில் இருப்பதால் அந்த நிபந்தனை நிற்கவில்லை. நீ தூக்கி எறிந்தது எவ்வளவு என்று பார்: 0-க்கு அருகில் sin x/x ஏறத்தாழ 1 − x²/6. அந்த x²/6 சின்னதுதான், ஆனால் கீழே இருப்பதும் x². வகுத்தால் 1/6 மிஞ்சும். −1/2 + 1/6 = −1/3. அதுதான் சரியான விடை.

லோபிதாலின் விதியில் போனால் இரண்டே வரி:

```
0/0 வடிவம்
தொகுதியின் வகைக்கெழு: cos x − x sin x − cos x = −x sin x
பகுதியின் வகைக்கெழு: 3x²
−x sin x / 3x² = −(1/3)(sin x / x) → −1/3
```

இங்கே மட்டும் sin x/x → 1 என்று போடலாம், ஏனென்றால் அதைத் தவிர x வேறெங்கும் இல்லை. முதல் வரியில் "0/0 வடிவம்" என்று எழுதாமல் விதியைத் தொடாதே. தேறப்பெறாத வடிவம் இல்லாத இடத்தில் வகையிட்டால் தவறான விடை வரும். அந்த வரியை எழுதும் பழக்கம் இருந்தால் நீயே நின்று பார்ப்பாய்.

கணக்கு 4. 18 செ.மீ. சதுர அட்டையின் மூலைகளை வெட்டிப் பெட்டி செய்தல் (3/5)

V = x(18 − 2x)², x = 3, V = 432 கன செ.மீ. விடை சரி. ஆனால் V′ = (18 − 2x)(18 − 6x) என்ற வரி இல்லை, 0 < x < 9 என்ற வரம்பும் இல்லை. V′ = 0 என்றால் x = 9-உம் வரும். அதை ஏன் விட்டாய் என்று ஒரு சொல்கூட இல்லை. x = 9 என்றால் அட்டையில் அடிப்பக்கமே மிஞ்சாது, அதை எழுது. 3-இல் பெருமம்தான் என்பதற்கு V″ = 24x − 144, V″(3) = −72 < 0 என்ற ஒரே வரி போதும்.

கணக்கு 1-ஐயும் 3-ஐயும் புதிய தாளில் முழுப் படிகளோடு எழுதி வியாழக்கிழமை கொண்டு வா. கணக்கு 1-இல் விடைக்குக் கீழே, அது 0-க்கும் 0.1353-க்கும் இடையில் ஏன் இருக்க வேண்டும் என்பதையும் உன் சொற்களில் எழுது.