செவலை யாருக்காக உட்கார்ந்திருக்கிறான்?

முதலில் இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். அவசரம் இல்லை. மழை இப்போதைக்கு நிற்கிற மாதிரி தெரியவில்லை.

இடம் ஏற்காடு. சேலத்திலிருந்து கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, காது அடைத்து, வயிறு புரட்டி, ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தால் ஒண்டிக்கடை என்று ஓர் இடம் வரும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது இந்த டீக்கடை.

படத்தின் இடது பக்கம் மஞ்சளாக இரண்டு வட்டம் தெரிகிறதா? அது பஸ்ஸின் விளக்கு. பஸ் முழுவதையும் பனிமூட்டம் விழுங்கிவிட்டது. வலது பக்கம் ஆவி விடுவது பாய்லர். ஓரத்தில் ஒரு சின்னக் கை, அதில் ஒரு பொறை. அது சுகந்தியின் கை. நாலாம் வகுப்பு படிக்கிறாள், கடைக்காரர் முருகேசனின் மகள். கை மட்டும்தான் படத்தில் விழுந்திருக்கிறது என்று அவளுக்கு இன்னும் கோபம்.

நடுவில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் செவலை.

இப்போது பெஞ்சுக்கு அடியில் பாருங்கள். ஒரு சாக்கு விரித்திருக்கிறது. சொட்டு ஈரம்கூட இல்லாத சாக்கு. அதை விட்டுவிட்டு இவன் ஏன் மழையில் உட்கார்ந்திருக்கிறான்?

அதைத்தான் சொல்லப் போகிறேன்.

செவலைக்கு வீடு கிடையாது. ஐப்பசி பிறந்தபோது எங்கிருந்தோ வந்தான். பெஞ்சுக்கு அடியில் புகுந்தான். யாரும் விரட்டவில்லை, அதனால் அங்கேயே தங்கிவிட்டான். டீ குடிக்க வருகிறவர்கள் பொறை வாங்கிப் போடுவார்கள். வாலை ஆட்டிக்கொண்டே தின்பான். தின்றுவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று முகத்தைப் பார்ப்பான். ஏற்காட்டில் ஏறக்குறைய 200 வருஷமாகக் காப்பி விளைகிறது, ஆனாலும் முருகேசன் கடையில் டீதான் ஓடும். செவலைக்கு இரண்டும் வேண்டாம். பொறை போதும்.

அப்படிப்பட்டவன் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் பொறையைத் தொடவில்லை.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்று சுகந்தி கேட்டாள்.

செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை கொட்டியது. அவன் நகரவில்லை. அப்பா பரிதாபப்பட்டு, உள்ளே இருந்து ஒரு சிமெண்ட் சாக்கை எடுத்து வந்து பெஞ்சுக்கு அடியில் விரித்தார். செவலை வந்தான், மோந்து பார்த்தான், தும்மினான், மறுபடியும் மழையிலேயே போய் உட்கார்ந்துகொண்டான்.

"ஜுரமா இருக்கும்" என்றார் பால் ஊற்றுகிற தாத்தா.

"அட போங்க, அவன் அம்மா வருவான்னு பாத்துட்டு இருக்கான்" என்றார் மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் அண்ணன்.

"பொறை சலிச்சுப் போச்சு. பிஸ்கட் போடுங்க, திம்பான்" என்றார் பேப்பர் போடுகிற அண்ணன். அப்பா பிஸ்கட் போட்டார். தின்னவில்லை. அதைப் பேப்பர் அண்ணனே தின்றுவிட்டார்.

சுகந்தி ஒன்றும் சொல்லவில்லை. மழைக்கு அன்று பள்ளிக்கூடம் லீவு. பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செவலையையே கவனித்தாள்.

ஒரு பஸ் வந்தது. செவலை எழுந்தான். குடை பிடித்துக்கொண்டு நாலு பேர் இறங்கினார்கள். செவலை உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த பஸ் வந்தது. எழுந்தான். ரெயின்கோட்டு போட்ட ஒருவர் இறங்கினார். உட்கார்ந்துவிட்டான்.

அதற்கடுத்த பஸ்ஸில் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற ஒருவர் இறங்கினார். தலையில் கொங்காடை.

கொங்காடை தெரியுமா? ஒரு சாக்கை எடுங்கள். அடிப்பக்க மூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் தள்ளுங்கள். கூம்பாக வரும். அதைத் தலையில் மாட்டினால் தலையும் நனையாது, முதுகும் நனையாது. இரண்டு கையும் வேலைக்குச் சும்மா இருக்கும். குடையால் அது முடியுமா? (வீட்டில் செய்து பார்ப்பதென்றால் காலிச் சாக்கை எடுங்கள். பாதி அரிசி இருந்தால் அம்மாவிடம் திட்டு வாங்குவீர்கள்.)

கொங்காடையைப் பார்த்ததும் செவலை பாய்ந்து ஓடினான். அந்த ஆளின் முதுகுப் பக்கம் போய், தொங்கிக்கொண்டிருந்த சாக்கின் நுனியை மோந்தான். ஒரு தடவை. இரண்டு தடவை. வால் கீழே இறங்கியது. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"அப்பா! செவலை கொங்காடை போட்டவங்களை மட்டும்தான் மோந்து பாக்குறான்!"

"சும்மா இரு பாப்பா. டீ ஆறிடும், அந்தத் தாத்தாகிட்டக் குடு."

பெரியவர்கள் எப்போதும் இப்படித்தான்.

மறுநாள் சுகந்தி ஒரு சோதனை செய்தாள். உரச் சாக்கு ஒன்றைக் கொங்காடையாக மடித்துப் போட்டுக்கொண்டு, கடைக்குப் பின்னால் சுற்றி, பஸ் வருகிற பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். செவலை ஓடி வந்தான். மோந்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். 'நீயா? உன்னோட பெரிய ரோதனை' என்று சொல்லாத குறைதான். திரும்பிப் போய்விட்டான்.

அன்றுதான் இந்தப் படம் எடுத்தார்கள். சேலத்திலிருந்து காரில் வந்த ஓர் அக்காவும் அண்ணனும் மிளகாய் பஜ்ஜி சாப்பிட நின்றார்கள். அந்த அக்கா செவலையைப் பார்த்ததும் உருகிவிட்டார். "அய்யோ, யாருக்காகவோ காத்துட்டு இருக்குது பாரேன்! கார்ல வந்தவங்க யாரோ விட்டுட்டுப் போயிருப்பாங்க" என்றார். கண் கலங்க, கேமராவை எடுத்து, மழையில் மண்டி போட்டுப் படம் எடுத்தார். பஜ்ஜி ஆறிப்போனது. அப்பா வேறு சூடாகப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

"கார்ல வந்தவங்க யாரும் கொங்காடை போட மாட்டாங்களே" என்றாள் சுகந்தி. யார் காதிலும் விழவில்லை.

மழை வியாழக்கிழமையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது கொட்டுகிற மழை தூறலாகியிருந்தது. சில்வர் ஓக் மரங்களும், அதில் ஏறியிருந்த மிளகுக் கொடியும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. எஸ்டேட்டில் மறுபடி வேலை. மழையில் காப்பிப் பழம் உதிர ஆரம்பித்துவிடும், சீக்கிரம் பறித்தாக வேண்டும். அதனால் முதல் பஸ்ஸிலேயே கூட்டம்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோர் தலையிலும் கொங்காடை. செவலைக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே மோந்தான், அங்கே மோந்தான், ஒருவர் காலுக்குள் புகுந்து இன்னொருவரைத் தடுக்கி விழவைக்கப் பார்த்தான்.

கடைசியாக ராசம்மா ஆயா இறங்கினார். அவருடைய கொங்காடை பழைய சணல் சாக்கு. முதுகுப் பக்கம் பச்சைத் துணியில் ஓர் ஒட்டு.

செவலை ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு வள்ளென்று ஒரு சத்தம். ஓடினான், எகிறினான், சாக்கின் நுனியைக் கவ்வினான், இழுத்தான்.

"அய்யோ சாமீ! கடிக்குது, கடிக்குது!" என்று ஆயா அலறினார்.

"ஆயாவைக் கடிக்கலை, சாக்கைத்தான் இழுக்குறான்!" என்று கத்திக்கொண்டே சுகந்தி ஓடினாள்.

ஆயா ஒரு பக்கம் இழுத்தார். செவலை மறுபக்கம் இழுத்தான். நாலு கால் உள்ளவன்தான் ஜெயித்தான். சாக்கு தலையிலிருந்து கழன்று விழுந்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு, காலில் மாட்டி இரண்டு தடவை குட்டிக்கரணம் அடித்து, பெஞ்சுக்கு அடியில் இழுத்துப் போட்டான். அங்கே இருந்த சிமெண்ட் சாக்கைப் பின்னங்காலால் தள்ளினான். தன் சாக்கின் மேல் மூன்று சுற்று சுற்றினான். படுத்தான்.

எல்லோரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆயா, இந்தச் சாக்கு உங்களுக்கு ஏது?" என்று அப்பா கேட்டார்.

ஆயா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "திங்கக்கெழமை பொழுது சாய வந்தேன் சாமி. கரண்டு இல்ல, நீ கடையச் சாத்திட்டுப் போயிட்டே. மழ ஊத்துச்சு. பெஞ்சுக்கடியில ஒரு பழஞ்சாக்கு கெடந்துச்சு. யாருக்கு ஆகப்போகுதுன்னு எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிட்டேன். நாளைக்குக் குடுத்தர்லாம்னு பாத்தா, மழையில வேலையே இல்லியே."

"அது செவலையோட மெத்தை ஆயா!" என்றாள் சுகந்தி. "அவன் வந்த அன்னைக்கு நான்தான் போட்டேன். நம்ம சர்க்கரைச் சாக்கு. அந்தப் பச்சை ஒட்டு என் பழைய பாவாடை!"

"அப்ப அம்மாவுக்காகவும் இல்ல, ஜுரமும் இல்ல" என்றார் லாரி டிரைவர் அண்ணன்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பால் தாத்தா. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

ராசம்மா ஆயா குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். "ஏன்டா, பொருளு எடுத்தா ஒரு வார்த்த கேட்டு எடுக்கணும்னு நாலு நாளா உக்காந்து சொல்லியிருக்கியா? தப்புத்தான் சாமி." செவலை வாலால் சாக்கை ஒரு தட்டு தட்டினான்.

"சரி, அவன் மெத்தை அவனுக்கு. இப்ப நான் எதப் போட்டுக்கிட்டுப் போறது?"

தூறல் மறுபடி கனக்க ஆரம்பித்திருந்தது. அப்பா அந்தச் சிமெண்ட் சாக்கை எடுத்து உதறி நீட்டினார். "இந்தாங்க ஆயா. இது நனையவே இல்ல."

ஆயா மூலையை மூலைக்குள் தள்ளி, தலையில் மாட்டிக்கொண்டு இரண்டடி வைத்திருப்பார். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு உறுமல்.

செவலை எழுந்துவிட்டான். சிமெண்ட் சாக்கையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"அடேய்! உனக்கு மெத்தைக்கு மேல போர்வை வேற வேணுமா!" என்று ஆயா நடையை எட்டிப் போட்டார்.

சுகந்தி கல்லாவுக்குப் பின்னால் ஓடி, பாட்டிலைத் திறந்து, கைநிறையப் பொறையை அள்ளி அவன் முன்னால் கொட்டினாள். செவலை சாக்கைப் பார்த்தான். பொறையைப் பார்த்தான். பிறகுதான் நாலு நாள் பசி அவனுக்கு ஞாபகம் வந்தது.

"இன்னும் அஞ்சு பொறைதான் இருக்கு! ஓடுங்க ஆயா, ஓடுங்க!"