எனக்குப் பிடித்த திருவிழா: கார்த்திகைத் தீபம்
(உயர்நிலை மூன்று, தமிழ் வகுப்பு வாய்மொழிப் படைப்பு, சிங்கப்பூர்)

மதிப்பிற்குரிய தமிழாசிரியை அவர்களுக்கும் சக மாணவர்களுக்கும் என் வணக்கம்.

படவில்லை 1: அகல், திரி, சுடர், அறுமீன்

கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி வரும் இத்திருநாளில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் வாசலில் அம்மா வரிசையாக அகல்களை வைப்பார். அகநானூற்றின் 141-ஆம் பாடலிலேயே, அறுமீன் எனப்படும் கார்த்திகை விண்மீன்கூட்டம் நிலவைச் சேரும் இரவில் தெருவெங்கும் விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, ஊரார் கூடிய விழா பேசப்படுகிறது. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில், பெரிய கொப்பரையில் நெய்யூற்றி மகாதீபம் ஏற்றுகிறார்கள்.

படவில்லை 2: சொக்கப்பனை, மாவலி, பனைமட்டை, தீப்பொறி

சென்ற ஆண்டு இத்திருநாளுக்குத் திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள பாட்டியின் ஊருக்குச் சென்றிருந்தேன். கோயிலின் முன் பனைமரத் தண்டை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த பனையோலைகளைக் கட்டியிருந்தார்கள், அதுதான் சொக்கப்பனை. ஆனால் என் மனத்தை முழுவதுமாகக் கவர்ந்தது மாவலிதான். ஆண்பனையின் பூக்காம்புகளைக் குழியிலிட்டு மூட்டம் போட்டுக் கரியாக்கி, நன்றாகப் பொடித்து, பழைய பருத்தித் துணியில் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கிடையே செருகி, நீண்ட கயிற்றில் பிணைத்தார் மாமா. ஒரு முனையில் கங்கு வைத்து, தலைக்கு மேலே சுழற்றியதும், பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறின. பட்டாசுக்கு இருக்கும் சத்தம் இதற்கு இல்லை. கயிறு காற்றை அறுக்கும் 'விர்ர்' என்ற ஒலி மட்டுமே கேட்டது.

படவில்லை 3: ஏற்று, கொளுத்து, சுற்று, குளிரவை

இந்தப் படவில்லையை நீங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டுமென விரும்புகிறேன். எல்லாமே நெருப்புதான் என்றாலும், விளக்கை ஏற்றுகிறோம், சொக்கப்பனையைக் கொளுத்துகிறோம், மாவலியைச் சுற்றுகிறோம். இவற்றை மாற்றிச் சொன்னால் கேட்பவர் காதுக்கு இடறும். அன்றிரவு, காற்றில் ஓர் அகல் நின்றுபோனபோது, "பாட்டி, விளக்கு அணைஞ்சிடுச்சு" என்றேன். பாட்டி சட்டென்று என் வாயைப் பொத்தி, "அப்படிச் சொல்லக்கூடாது கண்ணு, குளிர்ந்துடுச்சுன்னு சொல்லணும்" என்றார். மங்கலப் பொருளைப் பற்றி அமங்கலச் சொல் வரக்கூடாது என்பதற்காக நம் முன்னோர் வழங்கிவந்த இத்தகைய வழக்கை இலக்கணத்தில் 'மங்கலம்' என்று படித்தோம் அல்லவா? எனக்கு அந்தப் பாடம் பாட்டி வீட்டுத் திண்ணையில்தான் புரிந்தது.

படவில்லை 4: பொரி, பாகு, உருண்டை

வெல்லப் பாகில் பொரியைக் கிளறி, சூடு ஆறுமுன் கையில் நெய் தடவி உருட்டுவது பொரி உருண்டை. இன்று ஆளுக்கொன்று கொண்டுவந்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளும்போது, படவில்லை 3-இல் உள்ள சொற்களில் ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் வரிசையிலிருந்து தொடங்கலாம்.