36 மூட்டையின் சராசரி வேறு, ஒரு மூட்டை வேறு

தம்பி, படம் வந்தது. டியூப்லைட் வெளிச்சம் நேராகத் தாளின் நடுவில் விழுந்து இரண்டாவது வரி வெளுத்துப்போயிருக்கிறது, ஓரத்தில் உன் கட்டைவிரல் வேறு. பெரிதாக்கிப் பார்த்ததில் கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்:

"ஓர் அரிசி ஆலையில் நிரப்பப்படும் மூட்டைகளின் சராசரி எடை 25.2 கிலோ, விலக்க வர்க்க சராசரி 0.36. எடைகளின் பரவல் இயல்நிலைப் பரவல் அன்று, வலப்புறம் நீண்டது. சமவாய்ப்பு முறையில் 36 மூட்டைகள் எடுக்கப்படுகின்றன. (அ) கூறு சராசரியின் சராசரியையும் திட்டப் பிழையையும் காண்க. (ஆ) கூறு சராசரி 25 கிலோவுக்குக் குறைவாக இருக்க நிகழ்தகவு என்ன? (இ) ஒரே ஒரு மூட்டை 25 கிலோவுக்குக் குறைவாக இருக்கும் நிகழ்தகவை இதே முறையில் காண இயலுமா? காரணம் தருக. (ஈ) திட்டப் பிழை பாதியாக எத்தனை மூட்டைகள் எடுக்க வேண்டும்?"

அந்த 36 படத்தில் 86 மாதிரியும் தெரிகிறது. ஆனால் அட்டவணையை மட்டும் கொடுத்துக் கால்குலேட்டர் இல்லாமல் எழுதச் சொல்லும் தேர்வில் √86 கேட்க மாட்டார்கள், அதனால் 36 என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் நீ சரியாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். 0.36 என்பது σ² என்று கவனித்து σ = 0.6 என்று எழுதியிருக்கிறாய், பாதிப் பேர் அங்கேயே 0.36-ஐ σ என்று போட்டுவிடுவார்கள். தவறு அடுத்த வரியில். (ஆ)-வுக்கு ஓரத்தில் பென்சிலால் Z = (25 − 25.2)/0.6 = −0.33 என்று போட்டு 0.3707 என்று முடித்திருக்கிறாய். அட்டவணையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறாய், ஆனால் அந்த 0.6 ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் இருக்கிற ஏற்ற இறக்கம். கேள்வி கேட்பது 36 மூட்டைகளின் சராசரியைப் பற்றி. அந்தச் சராசரி அவ்வளவு ஆடாது.

ஏன் ஆடாது என்பதைச் சின்னக் கணக்கில் பார், சூத்திரத்தை அப்புறம் மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்காது. மொத்தமே மூன்று மூட்டைகள் இருப்பதாக வை: 24, 25, 29 கிலோ. சராசரி 26. விலகல்கள் −2, −1, 3, வர்க்கங்களின் சராசரி 14/3. இப்போது இரண்டிரண்டாக எடு, எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு. ஒன்பது ஜோடிகள் வரும், அவற்றின் சராசரிகள் 24, 24.5, 24.5, 25, 26.5, 26.5, 27, 27, 29. இந்த ஒன்பதையும் கூட்டினால் 234, ஒன்பதால் வகுத்தால் மறுபடி அதே 26. விலக்க வர்க்க சராசரி 21/9, அதாவது 7/3. முன்பு 14/3, இப்போது சரியாகப் பாதி, ஏனென்றால் n = 2. 29 கிலோ மூட்டை வந்தாலும் கூட வருகிற 24 அதைக் கீழே இழுத்துவிடுகிறது, 29 என்ற சராசரி கிடைக்க இரண்டு தடவையும் அதே மூட்டை வர வேண்டும், அது ஒன்பதில் ஒரு வாய்ப்புதான். இந்த ஒன்பது எண்களின் பட்டியலைத்தான் கூறு சராசரியின் கூறெடுப்புப் பரவல் என்கிறோம். σ² ஐ n ஆல் வகுக்கிறோம், வர்க்கமூலம் எடுத்தால் σ/√n, அதுதான் திட்டப் பிழை. பிழை என்ற பெயரைப் பார்த்து யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று நினைக்காதே, கூறு சராசரி உண்மைச் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி விழும் என்ற அளவு, அவ்வளவுதான்.

சரி, விடை.

(அ) கூறு சராசரியின் சராசரி = μ = 25.2. திட்டப் பிழை = σ/√n = 0.6/√36 = 0.1 கிலோ. இதற்குப் பரவலின் வடிவம் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆலை ஒரு நாளில் நிரப்புவதோடு பார்த்தால் 36 மூட்டை சொற்பம், அதனால் முடிவுள்ள தொகுதிக்கான திருத்தமும் வேண்டாம்.

(ஆ) இங்கேதான் மைய எல்லைத் தேற்றம் தேவைப்படுகிறது, அதை ஒரு வரியில் எழுதாமல் நேராக Z-க்குப் போனால் மதிப்பெண் குறையும். இப்படி எழுது: "முழுமைத் தொகுதி இயல்நிலைப் பரவல் அன்று எனினும் n = 36 போதிய அளவு பெரியது; எனவே மைய எல்லைத் தேற்றப்படி X̄ தோராயமாக இயல்நிலைப் பரவல் கொண்டது." பிறகு

Z = (25 − 25.2)/0.1 = −2
P(X̄ < 25) = P(Z < −2) = 0.5 − 0.4772 = 0.0228

உன் 0.3707 எங்கே, 0.0228 எங்கே! முப்பதுக்கு மேல் போனால் போதும் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள், அது பழக்கத்தில் வந்த கணக்கு, தேற்றத்தில் 30 என்ற எண்ணே கிடையாது. பரவல் ரொம்பச் சாய்ந்திருந்தால் 36-க்கும் வால் பகுதியில் தோராயம் கொஞ்சம் தப்பும், அதனால்தான் "தோராயமாக" என்ற சொல்லை விடாதே என்கிறேன். பெயரிலுள்ள "மைய" என்பதும் நடுப்பகுதியைக் குறிப்பதில்லை. 1920-இல் போல்யா என்ற கணிதர் இந்தப் பெயரை வைத்தபோது, நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கே மையமான தேற்றம் என்ற பொருளில்தான் வைத்தார்.

(இ) இதில்தான் கேள்வி தயாரித்தவர் உன்னைச் சோதிக்கிறார். நீ "ஆம், 0.3707" என்று எழுதியிருக்கிறாய். விடை: இயலாது. தேற்றம் சராசரியைப் பற்றித்தான் பேசுகிறது, மூட்டைகளை அது மாற்றுவதில்லை. நீ 36 எடுத்தாலும் 3,600 எடுத்தாலும் தனி மூட்டைகளின் பரவல் வலப்புறம் நீண்டதாகவேதான் இருக்கும், 3,600 எடைகளையும் வரைந்து பார்த்தால் அந்தச் சாய்வு இன்னும் பளிச்சென்று தெரியும். n = 1 என்றால் தேற்றத்துக்கு அங்கே வேலையே இல்லை. உதாரணத்துக்கு, எடைகள் 24.6 கிலோவில் தொடங்கி வலப்புறம் படிப்படியாக இறங்கும் அடுக்குக்குறிப் பரவலாக இருந்தால், அதற்கும் சராசரி 25.2, திட்ட விலக்கம் 0.6 தான், ஆனால் 25-க்குக் கீழே வரும் நிகழ்தகவு 1 − e^(−2/3), கிட்டத்தட்ட 0.487. இரண்டு அளவுகளும் அப்படியே இருக்க விடை மட்டும் எங்கோ போகிறது பார். தேர்வில் இந்த உதாரணம் வேண்டாம், "தனி மூட்டையின் பரவல் வடிவம் தரப்படவில்லை, μ, σ மட்டும் போதாது" என்றால் போதும்.

(ஈ) 72 என்று எழுதியிருக்கிறாய். n வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது, அதனால் பாதியாக்க நாலு மடங்கு வேண்டும்: 0.6/√n = 0.05, √n = 12, n = 144. இன்னும் 108 மூட்டை தூக்கி எடை போட வேண்டும்.

அடுத்த கேள்வி பாதிதான் தெரிகிறது, விரலை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் வைத்து இன்னொரு படம் அனுப்பு.