தரையைப் பார்த்தே கிரகணம் பார்க்கலாம்

(தேனி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். தலைமையாசிரியை அம்மா என்னை ஹாலில்தான் பேசச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம், வேப்பமரத்தடிக்கே போய்விடலாம் என்றேன். ஏன் என்று இப்போது தெரியும். எல்லாரும் தரையைப் பாருங்கள். என்ன தெரிகிறது?

எறும்பு. சரி, எறும்பும் இருக்கிறது. அப்புறம்?

ஆமாம், வெளிச்சப் பொட்டுகள். அந்தப் பொட்டுகள் என்ன வடிவம்? வட்டம். இப்போது மேலே கிளையைப் பாருங்கள். சூரியனைப் பார்க்க வேண்டாம், கிளையை மட்டும். இலைகளுக்கு நடுவே இருக்கிற இடுக்குகள் வட்டமாகவா இருக்கின்றன? கோணல்மாணலாக, முக்கோணமாக, நீளமாக, ஒன்று மாதிரி ஒன்று இல்லை. கோணலான இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் எப்படி வட்டமாக விழுகிறது?

ஏனென்றால் அது இடுக்கின் வடிவம் இல்லை, சூரியனின் படம். சிறிய ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தால், அது எங்கிருந்து வந்ததோ அதன் உருவம் தரையில் விழும். நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பது சில நூறு சூரியன்கள் மேல். உன் சட்டையில் மட்டும் ஆறு சூரியன் இருக்கிறது தம்பி, எண்ணிப் பார்.

2019 டிசம்பர் 26 காலையில் நான் திண்டுக்கல் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். உங்களில் பலர் அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். மணி ஒன்பதரை இருக்கும். தரையில் இருந்த பொட்டுகள் எல்லாம் மெல்லப் பிறை பிறையாக மாறின. அப்புறம் ஒவ்வொன்றும் வளையலாக ஆயிற்று. தரை முழுக்க யாரோ வளையல் கடையைக் கொட்டிவிட்டது மாதிரி! பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, கிரகண நேரத்தில் வெளியே நிற்கக் கூடாது என்று எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரே குனிந்து பார்த்தார். மூன்று நிமிடம்போல வளையம் நின்றது. பிறகு மறுபடி பிறை.

அது ஏன் நடந்தது? என் பையில் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு கொண்டைக்கடலையும் இருக்கின்றன. எலுமிச்சை பூமி, கடலை நிலா. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட வேண்டும்? ஒரு சாணா? இல்லை. பாடப்புத்தகப் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள், பக்கத்துக்குள் அடங்க வேண்டுமே! நிஜ அளவுக்கு வைத்தால் ஒன்றேகால் மீட்டர். பாப்பா, நீ எலுமிச்சையைப் பிடி. தம்பி, நீ கடலையை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு தள்ளிப் போ. அங்கேயே நில். சூரியன்? இந்தக் கணக்குக்குச் சூரியன் நாலு மீட்டருக்கும் அதிகமான பந்து, உங்கள் வகுப்பறைக்குள் நுழையாது. அதை அரை கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பையும் தாண்டிப் போய்விடும்.

இந்தப் பொடிக் கடலை அவ்வளவு பெரிய பந்தை எப்படி மறைக்கும்? அதோ தண்ணீர்த் தொட்டி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டிப் பாருங்கள். தொட்டி போய்விட்டதா? பக்கத்தில் இருப்பது சிறிதானாலும் தூரத்தில் இருக்கிற பெரியதை மறைத்துவிடும். சூரியன் நிலாவைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரியது. தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. இப்படித்தான் அமைய வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது, நமக்கு அடித்த யோகம்.

நிலா சூரியனுக்கும் நமக்கும் நடுவே வந்தால் சூரியகிரகணம். அது அமாவாசையன்றுதான் நடக்கும். பூமி நடுவே நின்று, அதன் நிழல் நிலாமேல் விழுந்தால் சந்திரகிரகணம். அது பௌர்ணமியன்று. இதில் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. யார் கேட்கப் போகிறீர்கள்?

அதேதான்! மாதாமாதம் அமாவாசை வருகிறதே, மாதாமாதம் ஏன் கிரகணம் வரவில்லை? இந்தக் கேள்வி வந்துவிட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

எலுமிச்சையையும் கடலையையும் பாருங்கள். நிலா பூமியைச் சுற்றுகிற பாதை, பூமி சூரியனைச் சுற்றுகிற பாதையோடு ஒட்டினாற்போல இல்லை, ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. ஐந்து டிகிரி என்றால் சும்மா என்று தோன்றும். ஆனால் ஒன்றேகால் மீட்டர் தள்ளி நிற்கும் கடலை அந்தச் சாய்வால் பத்து சென்டிமீட்டர் வரை மேலே ஏறிவிடும், இல்லை கீழே இறங்கிவிடும். எலுமிச்சையின் கருநிழல் அந்த இடத்தில் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் கடலை அந்த நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடுகிறது. அமாவாசையிலும் இதே கதைதான், கடலையின் நிழல் எலுமிச்சைமேல் படாமல் தப்பிப் போய்விடுகிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்கிற இரண்டு இடங்கள் உண்டு. அந்த இடத்துக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம்.

அந்த இரண்டு இடங்களுக்கும் பெயர் உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. ராகு, கேது. ஆமாம், அதே பாம்புகள்தான்! கதையில் அவை சூரியனை விழுங்கும். கணக்கில் அவை இரண்டு வெட்டுப்புள்ளிகள். ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டு வாக்கிலேயே கிரகணம் என்பது நிழல்தான் என்று எழுதிவிட்டார்.

இன்னொன்று. நிலாவின் பாதை சரியான வட்டமும் இல்லை. சில சமயம் 3,63,000 கிலோமீட்டர் பக்கத்தில் வரும், சில சமயம் 4,05,000 கிலோமீட்டர் தள்ளிப் போகும். பக்கத்தில் இருக்கும்போது மறைத்தால் சூரியன் முழுசாக மூடிக்கொள்ளும். பகலில் இருட்டிவிடும், சூரியனைச் சுற்றி வெள்ளிநிற ஒளி தெரியும். தள்ளி இருக்கும்போது மறைத்தால் ஓரம் மிஞ்சும். அதுதான் நான் பார்த்த வளையம், கங்கணம் என்பார்கள். 1868 ஆகஸ்ட் 18-இல் குண்டூரில் முழு கிரகணத்தைப் பார்த்த ஜான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, சூரிய ஒளியைப் பிரித்து ஆராய்ந்தார். அந்தக் கிரகணத்தின்போது பதிவான ஒரு மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் அடையாளம். பலூனில் அடைக்கிறோமே, அதேதான். அதைப் பூமியில் கண்டுபிடிக்கும் முன்னாலேயே சூரியனில் கண்டுவிட்டார்கள். 1871-இல் அவரே நம் நீலகிரிக்கும் வந்தார், அங்கேயும் ஒரு முழு கிரகணம்.

இப்போது விளையாட்டில்லாத பகுதி. பின்னால் பேசிக்கொண்டிருக்கிற தம்பிகளும் கேளுங்கள்.

சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. கிரகணத்தன்று ஏதோ விஷக்கதிர் வருகிறது என்பதற்காக இல்லை, அன்றும் அதே சூரியன்தான். மற்ற நாளில் நிமிர்ந்து பார்த்தால் கண் கூசும், தானாக முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கிரகணத்தன்று முக்கால்வாசி மறைந்திருப்பதால் கூச்சம் குறையும், உற்றுப் பார்க்கத் தோன்றும். ஆனால் மிஞ்சிய கீற்றின் ஒவ்வொரு துளியும் முழுச் சூரியன் அளவுக்கே சுடும். கண்ணுக்குள்ளே விழித்திரைக்கு வலி தெரியாது. எரியும்போது ஒன்றும் தெரியாமல் இருந்து, சில மணி நேரம் கழித்து, பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கும். சிலருக்கு அது போகவே போகாது.

எக்ஸ்ரே பிலிம் வழியாகப் பார்க்கலாமா சார் என்று ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் கேட்பார். கூடாது. கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி, சிடி, எதுவும் கூடாது. அண்டாவில் சாணம் கரைத்த தண்ணீரில் சூரியனைப் பார்ப்பார்களே, என் தாத்தாவும் அப்படித்தான் பார்த்தார். அதுவும் பாதுகாப்பு இல்லை. இவை கூச்சத்தை மட்டும் குறைக்கும், கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும்.

கிரகணக் கண்ணாடி என்றே விற்கிறார்கள். அதில் ISO 12312-2 என்று அச்சடித்திருக்க வேண்டும். அச்சு இருந்தாலும் நம்பிவிடாமல் போட்டுக்கொண்டு வகுப்பைச் சுற்றிப் பாருங்கள். பிளாக்போர்டு, ஜன்னல், பக்கத்தில் இருக்கிறவன் முகம், எதுவுமே தெரியக் கூடாது. தெரிந்தால் அது போலி. கீறலோ ஊசிமுனை ஓட்டையோ இருந்தால் குப்பையில் போடுங்கள். குனிந்தபடி மாட்டிக்கொண்டு நிமிர வேண்டும், குனிந்த பிறகுதான் கழற்ற வேண்டும். சில நொடி பாருங்கள், போதும். அதை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது மிக மிக ஆபத்து. அது வெளிச்சத்தைக் குவித்துக் கண்ணாடியையே பொசுக்கிவிடும். வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண் மட்டும். பட்டறையில் சாதாரணமாகக் கிடைப்பது அந்த எண்ணில் இருக்காது.

ஆனால் எனக்குப் பிடித்த வழி கண்ணாடியே இல்லாத வழி. ஓர் அட்டையில் ஊசியால் ஓட்டை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த ஓட்டை வழியாக வரும் வெளிச்சத்தை வெள்ளைத் தாளில் விழவையுங்கள். ஓட்டை வழியாக யாரும் சூரியனைப் பார்க்கக் கூடாது, அதை மறந்துவிடாதீர்கள். அட்டைக்கும் தாளுக்கும் ஒரு மீட்டர் என்றால் படம் ஒன்பது மில்லிமீட்டர். இரண்டு மீட்டர் என்றால் இரண்டு மடங்கு. அம்மாவிடம் சல்லடை வாங்கி வந்தால் நூறு சூரியன் கிடைக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, சட்டைப் பட்டன் அளவுக்கு ஓட்டை விட்டு, இருட்டான வகுப்பறைச் சுவரில் அடித்தால் அந்த ஊரே சேர்ந்து பார்க்கலாம். இருபது மீட்டர் தூரத்துக்குப் படம் டிபன் தட்டு அளவு இருக்கும். யார் கண்ணிலும் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

சந்திரகிரகணத்துக்கு இந்தப் பயம் ஒன்றும் இல்லை. மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு இரவு முழுக்கப் பார்க்கலாம். நிலா பூமியின் கருநிழலுக்குள் போனதும் காணாமல் போகாது, செம்பு நிறமாக மாறும். பூமியைச் சுற்றியிருக்கிற காற்று நீலத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் வளைத்து நிலாவுக்கு அனுப்புகிறது. அந்த நேரத்தில் பூமியில் எங்கெல்லாம் விடிகிறதோ, எங்கெல்லாம் பொழுது சாய்கிறதோ, அத்தனை ஊர்ச் சிவப்பும் சேர்ந்து நிலாமேல் விழுகிறது.

சாப்பிடலாமா என்று கேட்கிறாயா பாப்பா? தாராளமாக. நிழல் விழுந்தால் சோறு கெடாது. இப்போது மரநிழலில்தானே சத்துணவு சாப்பிடுகிறீர்கள்? வீட்டில் பாட்டி விரதம் இருந்தால் சண்டை போடாதீர்கள், அது அவர் விருப்பம். கர்ப்பிணி அக்காவைப் பட்டினி போட்டால் மட்டும் பேசுங்கள். உலக்கை நிற்கிறதே சார் என்பார்கள். அடி தட்டையான உலக்கை என்றைக்கும் நிற்கும். வருகிற சனிக்கிழமை முயற்சி செய்து பாருங்கள். காலில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 2027 ஆகஸ்ட் 2, மாலை. எகிப்தில் லக்சர் நகரத்தில் ஆறு நிமிடத்துக்கும் மேல் முழு கிரகணம், நமக்கு ஓரம் கடித்த பணியாரம் மாதிரி. 2028 டிசம்பர் 31, ஞாயிறு இரவு, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் செந்நிலா. புத்தாண்டுக்கு முழித்திருப்பீர்கள்தானே? மூன்றாவதுதான் பெரியது. 2031 மே 21, மதியம். வளைய கிரகணம் மதுரை, தேனி வழியாகவே போகிறது. திண்டுக்கல் வரை நீங்கள் வர வேண்டாம், நான்தான் இங்கே வர வேண்டும். அன்றைக்கு இந்த வேப்பமரத்தடியில் வளையல் விழும்.

சரி, அட்டையும் ஊசியும் சாரிடம் இருக்கின்றன. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வாருங்கள். முதலில் எல்லாரும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தம்பி, அந்தக் கடலையைத் தின்றுவிடாதே, அடுத்த வகுப்புக்கு வேண்டும்.