வீட்டுக்கடனில் கூடுதலாகப் பிடித்த வட்டியைத் திருத்தக் கோரி

13 அக்டோபர் 2025
கும்பகோணம்

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வீட்டுக்கடன் பிரிவு, கும்பகோணம் கிளை

பொருள்: 4417 என முடியும் வீட்டுக்கடன் கணக்கில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ரூ.2,668 கூடுதல் வட்டி

ஐயா,

வணக்கம். என் கடன் ரெப்போ விகிதத்தோடு இணைக்கப்பட்டது. ரெப்போவுக்கு மேல் 2.65 சதவீதம் என்றும், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் வட்டி மாற்றி அமைக்கப்படும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஏப்ரல் 1 அன்று ரெப்போ 6.25 ஆக இருந்ததால் 8.90 சதவீதம் போட்டிருந்தீர்கள். அது சரி. அப்புறம் ரிசர்வ் வங்கி ஏப்ரல் 9 அன்று 6.00 ஆகவும், ஜூன் 6 அன்று 5.50 ஆகவும் குறைத்தது. ஆகவே ஜூலை 1 முதல் எனக்கு 8.15 சதவீதம்தான் வர வேண்டும். ஆனால் ஸ்டேட்மெண்டில் மூன்று மாதமும் 8.90 சதவீதக் கணக்கிலேயே வட்டி விழுந்திருக்கிறது.

ஜூலை 1 அன்று அசல் பாக்கி ரூ.14,20,000. நீங்கள் பிடித்த வட்டி ஜூலையில் ரூ.10,532, ஆகஸ்டில் ரூ.10,482, செப்டம்பரில் ரூ.10,432. வந்திருக்க வேண்டியது முறையே ரூ.9,644, ரூ.9,593, ரூ.9,541. இதனால் செப்டம்பர் தவணைக்குப் பின் ரூ.13,97,178 ஆக இருக்க வேண்டிய அசல் ரூ.13,99,846 என நிற்கிறது.

மாதத் தவணை ரூ.17,200 மாறவில்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து போகும் தொகையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. வட்டி, அசல் பிரிப்பைப் பார்த்தால்தான் தெரியும். இப்படியே விட்டால் பல தவணை கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். என் கணவரும் நானும் மாதந்தோறும் ஒதுக்கிக் கட்டும் பணம் இது, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். போன வாரம் கவுண்டரில் கேட்டபோது "சிஸ்டம் தானாகப் போடுவது" என்றார்கள். என் கணக்கில் புதிய விகிதம் ஏறவில்லை என்பதே என் புகார்.

தயவுசெய்து ஜூலை 1 தேதியிட்டே 8.15 சதவீதத்தை ஏற்றி, அந்த ரூ.2,668-ஐ அசலில் கழித்து, திருத்திய ஸ்டேட்மெண்டும் புதிய தவணை அட்டவணையும் தாருங்கள். தொகையைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைத்தால் போதாது, அசல் குறைய வேண்டும். அக்டோபர் வட்டியும் பழைய விகிதத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரிக்காக நீங்கள் தரும் வட்டிச் சான்றிதழிலும் திருத்திய தொகையே வர வேண்டும்.

என் கணக்கு தவறு என்று நீங்கள் கருதினால், எந்தத் தேதியில் எந்த விகிதம் போட்டீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டியிருக்கும். அதற்கு முன் கிளையிலேயே முடிந்தால் எனக்கு நிம்மதி.

ஒப்பந்தத்தின் வட்டிப் பக்கம், மூன்று மாத ஸ்டேட்மெண்ட், என் கணக்குத் தாள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இந்தக் கடிதத்தின் மறு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இட்டுத் தரவும்.

இப்படிக்கு,
மு. கலைவாணி