காயம் ஆறிவிட்டது, வலி ஏன் போகவில்லை?

நாள்பட்ட இடுப்பு வலிக்காக எங்கள் வலி சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களுக்கு

"ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லைங்கறாங்க. அப்புறம் எனக்கு ஏன் வலிக்குது?" இங்கே வரும் பலரும் கேட்பது இதைத்தான். உங்கள் வலி நிஜம். கற்பனையும் இல்லை, நடிப்பும் இல்லை. வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் இந்தத் தாளை அவர்களிடம் கொடுங்கள்.

தசையோ தசைநாரோ பிசகினால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் ஆறிவிடும். அதைத் தாண்டியும் வலித்தால், அடிபட்ட இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. வலிச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்புகளையும் பார்க்க வேண்டும்.

ஒருமுறை திருடன் புகுந்த வீட்டு நாயைக் கவனித்திருப்பீர்கள். அதன்பின் பால்காரர் வந்தாலும் குரைக்கும், இலை அசைந்தாலும் குரைக்கும். நெடுநாள் வலித்த உடம்பிலும் இதுதான் நடக்கிறது. தண்டுவடத்து நரம்பணுக்கள் சின்னத் தூண்டலையும் பெரிதாக்கி மூளைக்கு அனுப்பப் பழகிவிடுகின்றன. மூளையும் அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் குனிந்து செருப்பு மாட்டினாலே சுளீர் என்கிறது. தூக்கம் கெட்டாலோ, கடன் கவலை வந்தாலோ வலி கூடுவதும் இதனால்தான்.

ரிப்போர்ட்டில் 'தேய்மானம்' என்று படித்துப் பயந்திருப்பீர்கள். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. பெரும்பாலும் அது நரைமுடி மாதிரிதான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அடுப்பு ஆறிய பிறகும் சேராது என்பதுதான் சிக்கல். வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தசை வலுவிழக்கும், நரம்பு இன்னும் கூச்சப்படும். பத்து நிமிடம் நடந்தால் வலி கூடுகிறதா? ஏழு நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். வலி குறைந்த நாளில் மொத்த வீட்டையும் ஒட்டடை அடித்துவிட்டு மறுநாள் படுத்துவிடாதீர்கள். எங்களிடம் வருபவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை.

அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் போன்ற மாத்திரைகளை எழுதிக் கொடுத்தால், மருந்துக்கடையில் "இது மனச்சோர்வுக்கான மாத்திரையாச்சே" என்று சொல்லக்கூடும். பதறாதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வலிச் செய்தியைத் தணிக்கவும் இவை உதவும். எல்லோருக்கும் ஒரே அளவு கேட்காது.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ இந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இடுப்பு வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். காரணமில்லாமல் எடை குறைந்தால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.